கம்பி எந்தப் பக்கம்?

மேல்தளம் போடும் நாளில் வீட்டுக்காரர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். தெருவோரம் முக்கால் ஜல்லி குவிந்திருக்கும். பக்கத்தில் எம்-சாண்ட், தார்ப்பாயின் கீழ் சிமென்ட் மூட்டைகள். மில்லர் மெஷின் உறுமத் தொடங்கியதும் மேலே சென்ட்ரிங் பலகையின் மீது வரிசையாகக் கட்டிக் கிடக்கும் கம்பிகளுக்கு நடுவே ஆட்கள் பாண்டுகளோடு நடப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் கம்பிகள் சற்றே வளைந்து நிமிரும். சில கம்பிகள் நிமிராமல் அப்படியே கீழே படிந்துவிடும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. கலவை வந்து மூடிவிடுகிறது. பால்கனியில் இப்படிப் படிந்த கம்பிதான் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பால்கனியைக் கீழே கொண்டுவரக்கூடியது.

ஏன் என்று புரிய, முதலில் மில்லருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர். கான்கிரீட்டின் கூட்டுப்பொருள் அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கோலிக்குண்டு போன்ற கட்டிகள் கிடைக்கும். கிளிங்கர் எனப்படும் அவற்றோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்ததே சிமென்ட். அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்தவைதான் இன்று வீடுகளுக்கு மூட்டையில் வருகின்றன.

வீடுகளில் பரவலாகப் போடுவது எம்-20 என்னும் தரம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. ஜல்லி உடலைத் தருகிறது. ஜல்லிகளுக்கு நடுவே உள்ள சந்தை மணல் நிரப்புகிறது. மணல் பரல்களுக்கு இடையே மிஞ்சும் சின்னஞ்சிறு இடைவெளியைச் சிமென்ட் பசை நிரப்பி எல்லாவற்றையும் ஒட்டுகிறது.

அந்தப் பசை காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது காய்வதே இல்லை. சிமென்ட் துகளும் தண்ணீரும் வேதிவினை புரிந்து புதிய படிகங்களாக மாறுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாக முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது தெரியும். அந்தப் பின்னலே கெட்டித்தன்மை. தண்ணீருக்குள் கொட்டினாலும் கான்கிரீட் இறுகுவது இதனால்தான். முதல் வாரத்தில் தண்ணீர் தீர்ந்து உலர்ந்துவிட்டால் படிகம் வளர்வது நின்றுபோகும். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பது அந்த வளர்ச்சி நிற்காமல் இருக்கத்தான்.

ஆனால் கலக்கும்போது ஊற்றும் தண்ணீர் வேறு கதை. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 முதல் 27 லிட்டர் போதும். வேதிவினைக்குத் தேவைப்படுவது அதைவிடக் குறைவு. மிச்சம் கலவை இளகி ஓடுவதற்காகச் சேர்ப்பது. கலவை தள்ள எளிதாக இருக்கட்டும் என்று இன்னொரு குடம் ஊற்றினால், அந்தத் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும் வழியெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடும். 25 லிட்டர் ஊற்றவேண்டிய இடத்தில் 35 ஊற்றினால் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறையலாம். மழைக்காலத்தில் ஈர மணலே கணிசமான தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். அன்று குடத்தைக் குறைக்கத் தெரிந்த மேஸ்திரி தொழில் தெரிந்தவர்.

சரியாகக் கலந்து, சரியாக நீராற்றிய எம்-20 கான்கிரீட்டின் வலிமையைப் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28ஆம் நாள் சோதனை எந்திரத்தில் நசுக்கிப் பார்த்து அளப்பார்கள். கையில் தூக்கிவிடக்கூடிய அந்தக் கட்டி ஏறத்தாழ 45 டன் பளுவைத் தாங்கிய பிறகே நொறுங்க வேண்டும். அதே கான்கிரீட்டை இருபுறமும் பிடித்து இழுத்தால், அதில் பத்தில் ஒரு பங்கு விசைக்கே பட்டென்று அறுந்துவிடும். அறுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது.

இந்தக் குணம் கான்கிரீட்டுக்கு மட்டும் உரியதல்ல, கல்லுக்கும் உண்டு. நம் கோயில் மண்டபங்களில் ஏன் அத்தனை தூண்கள்? தூணுக்குத் தூண் பாய்ந்து நிற்கும் கல் உத்தரம் தன் எடையாலும் மேலே சுமக்கும் கூரையாலும் வளையப் பார்க்கிறது. வளையும்போது அதன் மேற்புறம் நசுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. நசுங்கலைக் கல் தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. அதனால் உத்தரத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தூண்களை நெருக்கி நட்டதற்கு அழகும் சடங்கும் காரணமாக இருந்திருக்கலாம். கல்லின் இந்தப் பலவீனமும் ஒரு காரணம்.

வளைவில் நடப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு நீள ரப்பர் அழிப்பான் போதும். அதன் பக்கவாட்டில் பேனாவால் நேர்க்கோடுகளைக் குறுக்காக, சம இடைவெளியில் போடுங்கள். இரு முனைகளையும் விரல்களால் தாங்கி நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கோடுகள் மேற்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விலகும். விலகும் பக்கம்தான் இழுபடும் பக்கம். அறையின் மேல்தளம் இப்படித்தான் வளைகிறது. சுவர்கள் விரல்கள், அறையின் நடுப்பகுதி கட்டைவிரல் அழுத்தும் இடம்.

இழுபடும் பக்கத்தில் எஃகை வைத்தால் வேலை முடிந்தது. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு முறுக்குக் கம்பி, சுண்டு விரலைவிட மெல்லியது, ஏறத்தாழ இரண்டரை டன் இழுவிசை வரை நிலைகொடுக்கும். அதற்குமேல் இழுத்தால் உடனே அறுவதில்லை, நீளத் தொடங்கும். அதன் மேல் ஓடும் வரிகள் கான்கிரீட்டைக் கவ்விக்கொள்வதற்காக. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. பத்து மீட்டர் நீளத்தில் 30 டிகிரி சூடு ஏறினால் எஃகு மூன்றரை மில்லிமீட்டர் நீளும், கான்கிரீட் மூன்று மில்லிமீட்டர். இந்த நெருக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடையிலும் கம்பி கான்கிரீட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்தவர்களில் பெயர் பெற்றவர் ஒரு தோட்டக்காரர். பிரான்ஸைச் சேர்ந்த ஜோசஃப் மோனியே, உடையாத பூந்தொட்டிக்காக இரும்புக் கம்பி வலையின்மேல் சிமென்ட் பூசி 1867இல் காப்புரிமை வாங்கினார். தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து பாலம் என்று அவர் முன்னேறினார். ஆனால் இரும்பு அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை அவர் கணக்காக யோசிக்கவில்லை. தொட்டிக்கு உருவம் தரும் எலும்புக்கூடாகவே அதைப் பார்த்தார். இழுவிசை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் இரும்பு இருக்க வேண்டும் என்று கணக்கோடு எழுதிக் காட்டியவர் ஜெர்மனியின் மத்தியாஸ் கோனன். ஆண்டு 1886. இன்று உலகம் முழுவதும் கம்பி கட்டுவது அந்த எண்ணத்தின் மேல்தான்.

அறைத்தளத்துக்கு இழுவிசை அடியில் வருகிறது. ஆகவே முக்கியக் கம்பி அடியில், பலகையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே, கவர் பிளாக் என்னும் சிறு கட்டிகளின்மேல் உட்காருகிறது. பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் இதே வழக்கத்தை நீட்டினால் அங்கே தொடங்குகிறது ஆபத்து.

பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடி. மறுமுனை வெட்டவெளியில் நிற்கிறது. அழிப்பானின் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, வெளியே நீளும் முனையைக் கீழே தள்ளிப் பாருங்கள். இப்போது கோடுகள் விலகுவது மேற்பக்கம். எனவே பால்கனியின் முக்கியக் கம்பி மேலேதான் ஓட வேண்டும். அங்கேயே நின்றுவிடாமல் அறைத்தளத்துக்குள் நன்றாக நீண்டு வேரூன்ற வேண்டும். வெளியே நீட்டிய தூரத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு உள்ளே கொண்டுபோவது வழக்கம்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர் வெளியே நீட்டிய பால்கனி. தடிமன் 12 சென்டிமீட்டர். சுவரோரமாக ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குக் கான்கிரீட்டின் எடை 300 கிலோ, டைல்ஸும் சாந்தும் 100 கிலோ, ஆட்கள் கூடி நிற்பதற்காக 300 கிலோ. ஆக 700. அந்தத் துண்டின் மொத்தப் பளு 840 கிலோ. கைப்பிடிச் சுவர் இருந்தால் இன்னும் கூடும்.

இந்த 840 கிலோ சுவரிலிருந்து சராசரியாக 60 சென்டிமீட்டர் தூரத்தில் அழுத்துகிறது. கடப்பாரையின் நீண்ட முனையில் தொங்குவதைப் போல. கடப்பாரையின் குட்டை முனை தளத்தின் தடிமனுக்குள் இருக்கிறது. மேலே இழுக்கும் கம்பிக்கும் கீழே நசுங்கும் கான்கிரீட்டுக்கும் இடைப்பட்ட தூரம் அது. கம்பி சரியான உயரத்தில் இருந்தால் அந்தத் தூரம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். நீண்ட முனை அதைப் போல் ஏழு மடங்கு என்பதால், 840 கிலோ கம்பிகளின்மேல் ஆறு டன் இழுப்பாக வந்து நிற்கிறது. ஒன்றரை சாண் அளவில் அல்ல, ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பியாக எட்டு மில்லிமீட்டர் கம்பி கட்டியிருந்தால் அவை எல்லாம் சேர்ந்து 17 டன் வரை நிலைகொடுக்கும். தேவையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிம்மதியாக நிற்கும்.

இப்போது காலையில் பாண்டோடு நடந்தவரின் பாதம் அந்தக் கம்பிகளை மிதித்து ஐந்து சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் எண்ணிக்கை அதேதான், தரம் அதேதான், செலவும் அதேதான். ஆனால் குட்டை முனை பாதியாகிவிட்டது. இழுப்பு 12 டன்னாக ஏறுகிறது. மூன்று மடங்கு இருந்த பாதுகாப்பு ஒன்றரை மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. கம்பி முழுவதும் அடிக்கே போய்விட்டால் இழுப்பு 25 டன். தாங்கக்கூடியது 17 தான்.

அப்படியானால் தவறாகக் கட்டிய பால்கனி முட்டை எடுத்த அன்றே விழ வேண்டுமே? சில விழுவதுண்டு. பல விழுவதில்லை. அங்கேதான் இந்தத் தவறின் கொடுமை. கான்கிரீட்டுக்கு இழுவிசை வலிமை குறைவே தவிர, இல்லாமல் இல்லை. விரிசல் விடாத வரை, பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் தன் சொந்த வலிமையாலேயே அந்தப் பால்கனியைப் பிடித்து நிறுத்தும். கம்பி சும்மா கிடக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிச் சுவரோரத்தில் ஒரு விரிசலைப் போடும் நாள் வரைக்கும் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். விரிசல் விழுந்த நொடியில் சுமை முழுவதும் கம்பிக்கு மாறுகிறது. கம்பியோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கணக்குப் பிழை பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அருவியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் 'ஃபாலிங்வாட்டர்' என்னும் வீடு உலகப் புகழ் பெற்றது. பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மனுக்காகக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து, 1930களின் பிற்பாதியில் எழுந்தது. வரவேற்பறையும் அதன் திறந்த மாடமும் தாங்கலைத் தாண்டி சுமார் 15 அடி வெளியே நீள்கின்றன. நம் நான்கடிப் பால்கனியின் பெரிய அண்ணன்.

காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் கம்பி போதாது என்று கண்டு, உத்தரங்களில் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். தன்னைக் கேட்காமல் செய்ததால் ரைட் கடும் கோபம் கொண்டார். முட்டுகளைக் கழற்றியபோது மாடத்தின் முனை நாலரை சென்டிமீட்டர் கீழே இறங்கியது. கூட்டிய கம்பியும் போதவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது. கான்கிரீட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. தொடர்ந்து சுமை இருந்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். 1990களில் அளந்தபோது மோசமான இடத்தில் இறக்கம் சுமார் 18 சென்டிமீட்டர். அது நிற்கவும் இல்லை. பொறியாளர் ராபர்ட் சில்மனின் குழு தரைக்கற்களைப் பெயர்த்து, உத்தரங்களின் பக்கவாட்டில் உறுதியான எஃகு வடங்களை ஓட்டி, எந்திரத்தால் இழுத்து இறுக்கிக் கட்டியது. 2002இல் அந்த வேலை முடிந்தது. இறக்கத்தை நிமிர்த்துவது நோக்கமல்ல, மேலும் இறங்காமல் நிறுத்துவதே நோக்கம்.

சரியான இடத்தில், சரியான அளவில் வைத்த கம்பிக்கும் ஒரு எதிரி மிஞ்சுகிறது. துரு.

புதிய கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீர் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே ஊறி ஊறி அந்தக் காரத்தை அழிக்கிறது. கம்பிக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தோல் தடிமனாகவும் நெருக்கமாகவும் இருந்தால் வாயு கம்பியை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். தண்ணீர் அதிகம் ஊற்றிய கலவையில் நுண்துளைகள் வழியே சீக்கிரம் போய்ச் சேரும். கடலோரத்தில் உப்பு இன்னும் வேகமாக வேலை செய்யும். காரம் இருக்கும்போதே அந்தப் படலத்தைக் கிழித்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

துரு, தான் தின்ற எஃகைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளிருந்து பிதுங்கி, கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விடும். பழுப்புக் கறை படியும். பிறகு மேற்பூச்சோடு கான்கிரீட் பத்தை பத்தையாக உதிரும். உதிர்வதற்கு முன்பே சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கெட்டியான 'டங்' ஒலிக்குப் பதிலாக உள்ளீடற்ற ஓசை கேட்கும்.

அறைத்தளத்தில் இந்த அடையாளங்கள் கூரையின் அடியிலேயே தெரிந்துவிடும். பால்கனியில் முக்கியக் கம்பி மேலே இருப்பதால் கீழிருந்து அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அடிப்புறம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கும்போதே, மேலே டைல்ஸுக்கடியில் மழைநீர் இறங்கிக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது, கதவைத் தாண்டியதும் வரும் தரையில் சுவருக்கு இணையாக ஓடும் விரிசலை. வாட்டம் மாறித் தண்ணீர் தேங்குவதும், கைப்பிடிச் சுவர் பக்கத்துச் சுவரிலிருந்து மேற்பக்கம் விலகுவதும் அந்த விரிசலின் கூட்டாளிகள். இவற்றைக் கண்டால் பூச்சு பூசி மறைக்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். பூந்தொட்டிகளையும் தண்ணீர் டிரம்மையும் அதுவரை உள்ளே எடுத்துவைக்கலாம்.

புதிதாகக் கட்டுபவருக்கோ இது ஒரு காலை வேலை. பால்கனிக் கம்பிகளுக்கு அடியில் 'சேர்' என்று சொல்லும் முக்காலி போன்ற வளைவுக் கம்பிகள் நெருக்கமாக நிற்க வேண்டும். மேலே ஏறி நின்றாலும் கம்பி இறங்கக் கூடாது. ஆட்கள் நடக்கத் தனிப் பலகைகளைக் கம்பிக்கு மேலே தாங்கலாகப் போட வேண்டும். கலவை கொட்டி வைப்ரேட்டர் விடும் நேரம் முழுவதும், கம்பி கட்டியவர் ஒருவர் கொக்கியோடு அங்கேயே நின்று, படிந்த கம்பியைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். பிறகு முட்டு எடுக்கும்போது அறைத்தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்குவார்கள். பால்கனிக்கு வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும். உள்பக்கத்து முட்டுகளை முதலில் எடுத்தால், வெளிமுனையை முட்டு தாங்கி நிற்க, பால்கனி அறைத்தளம் போல நடுவில் தொய்யும். அந்த வளைவுக்கான கம்பி அதன் அடியில் இல்லை.

இதையெல்லாம் சரிபார்க்க ஓர் அங்குல டேப் போதும். சுவரோரத்தில் பலகையிலிருந்து கம்பி வரை பிடித்துப் பாருங்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர் தளத்தில் மேல் கம்பி ஒன்பதரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எண் தெரியும்படி டேப்போடு சேர்த்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாண்டு கலவை விழும்வரை அதற்கு நேரம் இருக்கிறது.